குனியாமல் கழற்ற வருகிற ஷூ

புத்தூரில் எங்கள் வீட்டில், காலில் போடுகிற எதுவும் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க ஒரே விதிதான். குனியக் கூடாது, கை படக் கூடாது, வாசற்படியில் நின்றபடியே உதறினால் கழன்று விழ வேண்டும். அப்படி விழுந்தால் அது நல்ல செருப்பு. என் மாமியார் இந்த விதியை வைத்துத்தான் முப்பது வருஷமாகக் குடும்பத்தின் கால்களை ஆண்டுகொண்டிருந்தார். அதே விதியை ஓடுகிற ஷூவுக்கும் வைத்தார்கள். என் நாத்தனாரின் போலீஸ் வேலை அந்த வாசற்படியிலேயே முடிந்துபோகப் பார்த்தது.

என் கணவரின் தங்கை அவள். டிகிரி முடித்துவிட்டு கான்ஸ்டபிள் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதை 'ஈவென்ட்ஸ்' என்பார்கள். அதில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓட வேண்டும், நேரத்துக்குள் ஓடி முடிக்காவிட்டால் மற்றது எதுவும் கணக்கில் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத பெண் அவள்.

கல்லூரி மைதானத்துக்குப் பூட்டு. மற்ற மைதானத்தில் விடியுமுன்னே கிரிக்கெட். மிச்சம் இருந்தது நகரி போகிற தார் ரோடு. தனியாக விட மாமியார் சம்மதிக்கவில்லை, நான் கூடப் போனால்தான் அனுப்புவேன் என்றார். நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். தினமும் ரயிலில் போய்வந்து, சமைத்து, துவைத்து, மிச்ச நேரத்தில் தூங்குகிறவள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மருமகளுக்கு வேலை கூடும்போது அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை, துணை என்பார்கள்.

ஷூ வாங்கும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். ஸ்ரீசிட்டியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள். ஆனால் அவை நிறைய. குஷன் என்றார், ஃபோம் என்றார், எனர்ஜி திரும்பி வரும் என்றார். எங்கே போய் எங்கிருந்து திரும்பும் என்று கேட்டேன், முறைத்தார்.

தங்கையைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய வீட்டுச் செருப்பு ஒன்றை எடுத்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போனார். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். வீட்டுப் பெண்களுக்குக் காலணி வாங்கப் போகிற ஆண்கள் காலை விட்டுவிட்டுச் செருப்பைத்தான் கொண்டுபோவார்கள். கடைக்காரனும் செருப்பை வாங்கி ஷூவின் அடியோடு அடி வைத்துப் பார்த்து, "கரெக்ட் சைஸ் அண்ணா" என்பான். அந்தச் செருப்போ, குதிகாலுக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவுக்குப் பெரியது. மாமியாரின் விதிப்படி வாங்கியதாயிற்றே. இருந்தும் அண்ணனுக்கு அது போதவில்லை, கால் வளரலாம் என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கி வந்தார். இருபத்து மூன்று வயதில் கால் வளரும் என்று எந்த வீடியோ சொன்னதோ தெரியாது.

பெட்டியைத் திறந்ததும் வீடே கூடியது. ஆரஞ்சு நிறம், பாதி செங்கல் உயரத்துக்கு அடிப்பாகம். மாமனார் கட்டைவிரலால் அழுத்தினார். மாமியார் அழுத்தினார். பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அழுத்தினார். ஆகா, மெத்தை என்றார்கள். ஒருவரும் அதைப் போட்டுக்கொண்டு நாலு அடி ஓடப் போவதில்லை. ஓட வேண்டியவள் கடைசியாகப் போட்டுப் பார்த்தாள், உதறினாள், கயிறு கட்டியபடியே கழன்று விழுந்தது. மாமியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"பாத்தியா, எவ்ளோ சுளுவா வருது. உன்னுது மாதிரி படில குந்திக்கினு அவுக்க வேணாம்," என்றார் என்னிடம்.

என்னுடையது பழைய ஷூ. ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு நடைப்போட்டி வைத்தபோது, சாயங்காலம் வேலை முடிந்து ரயிலுக்குப் போகிற வழியில் வாங்கியது. அதில் எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. என் காலைக் கடைக்குக் கொண்டுபோனேன், அங்கே இருந்த பெரியவர் எதையெதைப் பார்த்து எடுத்துக்கொடுத்தார் என்று கவனித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஓட ஆரம்பித்தோம். ஓட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மூச்சு வாங்க நின்று, நடந்து, மறுபடி ஓடி, கல் லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி. போகிற வழியில் கெங்கையம்மன் கோயில். அங்கே நாத்தனார் நின்று, ஷூவை உதறிவிட்டுக் கும்பிடுவாள், உடனே காலை நுழைத்துக்கொண்டு கிளம்புவாள். கயிற்றைத் தொடுவதே இல்லை. நான் ரோட்டில் நின்றபடி ஷூவோடு கும்பிட்டுக்கொள்வேன். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை, மாமியார்தான் கோபித்துக்கொண்டார்.

என்னைவிட அவள் வேகம், அதனால் நான் எப்போதும் அவளுக்குப் பின்னால். ஒவ்வொரு எட்டுக்கும் சப்பு சப்பு என்று ஒரு சத்தம் கேட்கும். புது ஷூவின் சத்தம் என்று நினைத்தேன்.

சில வாரங்களில் அவளுக்குக் கணைக்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. முதலில் ஓடும்போது மட்டும், பிறகு படி ஏறும்போதும். பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டன. மறைத்துக்கொண்டு ஓடினாள். மறைப்பது மட்டும் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் நன்றாக வரும். குடத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டியபோது மாமியார் பார்த்துவிட்டார்.

அப்புறம் வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் கட்டுப் போட வருகிற ஊர் புத்தூர். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால்வலி என்றாலே எலும்புதான். மாமனார் உடனே கட்டுப் போட்டுவிடலாம் என்றார். கட்டுப் போட்டால் ஓட முடியாதே என்றேன். ஓட வேண்டாம், அதுதானே நல்லது என்றார். கணவர் தன் பங்குக்கு, இவ்வளவு நல்ல ஷூ போட்டும் வலிக்கிறது என்றால் கோளாறு கால்தான் என்றார். சில பேருடைய கால் ஓடுவதற்கு லாயக்கில்லையாம், அதற்கும் ஒரு வீடியோ இருந்தது.

மாமியார்தான் விஷயத்தை வெளியே எடுத்தார். பாலசமுத்திரம் பக்கத்தில் நிலம் நீச்சோடு ஒரு வரன் காத்திருந்தது. ஆடி நடந்துகொண்டிருந்ததால் அவர்கள் வரவில்லை.

"ஆடி முடியறதுக்குள்ள நோவு போனா ஓடு. போவலன்னா ஆவணி பொறந்ததும் அவங்கள வரச் சொல்றேன். கால் கோணிப் போச்சுன்னா அப்றம் யாரு கட்டிக்குவான்?"

நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது மட்டும் என்னிடம், "என் காலு நெஜமாவே ஆவாத காலா அண்ணி?" என்றாள். எனக்கு அவள்மீது பரிதாபம் வந்தது. அதைவிட அதிகமாக அந்த வீட்டின்மீது கோபம் வந்தது. ஆரஞ்சு ஷூவைச் சந்தேகப்பட ஒரு ஆள் இல்லை, பெண்ணின் காலைச் சந்தேகப்பட அத்தனை பேர்.

மறுநாளே அவளை என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிசியோதெரபி பார்க்கிற அம்மா எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துடிக்கிறாளா, ஒற்றைக் காலில் குதித்தால் குத்துகிறதா, சும்மா படுத்திருந்தாலும் வலிக்கிறதா என்று பார்த்தார். அப்படியெல்லாம் இருந்திருந்தால் எலும்பில் விரிசலா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பாராம். இல்லை, ஒரு சாண் நீளத்துக்குப் பரவின வலிதான். பழகாத கால், தார் ரோடு, எடுத்த எடுப்பில் அதிக ஓட்டம், இதுதான் முதல் காரணம் என்றார். வலி அடங்கும்வரை ஓடாமல் நடக்கட்டும், அப்புறம் கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்து மெதுவாகக் கூட்டட்டும். எந்த ஷூவும் அவசரத்துக்கு மருந்தாகாது. ஆனால் பொருந்தாத ஷூ அவசரத்தை இன்னும் மோசமாக்கும், அதையும் பாருங்கள் என்றார். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசற்படியில் நான் வழக்கம்போல உட்கார்ந்து என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் நின்றபடியே உதறினாள். இரண்டு ஷூவும் இரண்டு பக்கம் போய் விழுந்தன, முடிச்சுப் போட்டபடி. உள்ளேயிருந்து மாமியார், அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளேன், எவ்வளவு நேரம் படியை அடைத்துக்கொண்டிருப்பாய் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முடிச்சை அவிழ்க்காமல் உதறினால் கழல்கிற ஷூ, ஓடும்போது மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு காலில் நிற்கும்? அவளுடைய விரல்கள்தான் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு எட்டிலும் விரல்களை மடக்கி அதை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். சப்பு சப்பு என்று நான் கேட்டது குதிகால் எழும்பி விழுந்த சத்தம். பாதம் முன்னால் வழுக்கிப்போய் முட்டி முட்டித்தான் நகம் கறுத்திருக்கிறது.

அவளை அங்கேயே உட்கார வைத்தேன். குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார்த்தி, கயிற்றைக் கீழிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்துக் கட்டினேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு பக்கத்துத் துளை வரிசையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இதற்கு மேல் இறுக்க இடம் இல்லை, குதிகால் இன்னும் ஏறி இறங்கியது. ஷூ அகலம் என்று அதுவே சொல்லிவிட்டது. உள்ளே இருக்கிற அட்டையை உருவித் தரையில் போட்டு, குதிகாலைப் பின்ஓரத்தில் வைத்து அதன்மேல் நிற்கச் சொன்னேன். நின்றால் பாதம் முன்னால் நீளும், அதற்கும் நகம் இடிக்காமல் இருக்கவும் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அவளுக்கு இரண்டு கட்டைவிரலும் அதற்கு மேலும் இருந்தது. பிறகு வெறும் ஷூவைச் சமமான தரையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தோம். கட்டைவிரல்கள் மெச்சிய அந்த மெத்தை ஒரு மாதத்துக்குள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கணவர் வந்ததும் அட்டையைக் காட்டினேன். இறுக்கமாக இருந்தால்தான் வலிக்கும், தொளதொளவென்று இருந்தால் எப்படி வலிக்கும் என்றார். வேண்டுமானால் முன்னால் பஞ்சு அடைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் திருப்பதிக்குப் போகிறோம், இந்தத் தடவை செருப்புக்குப் பதிலாகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். சாயங்காலம் எதற்கு, வெயில் வருமுன்னே போய்விட்டு வந்தால் என்ன என்றார் மாமனார். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும், காலையில் வாங்கினால் சாயங்காலம் கடிக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வந்தார். செலவு நடக்கிற இடத்தில் மேற்பார்வை இல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

கடையில் மொட்டை போட்ட ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். விற்கிற பையன் தெலுங்கில் தொடங்கித் தமிழுக்கு மாறினான். முதலில் நிறம் கேட்டான். பிறகு அடியில் பல் பல்லாக இருந்த ஒன்றை எடுத்து, நல்ல பிடிமானம் மேடம் என்றான். அது மண் பாதைக்கு, இவள் ஓடுவது தாரில் என்றேன். அடுத்ததைப் போட்டதும் நாத்தனார் சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறது என்றாள். ரெண்டு நாள் போட்டால் சரியாகிவிடும் என்றான். ஓடுகிற ஷூ முதல் நிமிஷத்திலேயே வலிக்காமல் இருக்க வேண்டும், நாளைக்குச் சரியாகிற ஷூ என்று ஒன்று கிடையாது. எல்லாக் கடையிலும் இதே பொய்யைச் சொல்கிறார்கள். நாமும் மனுஷனுக்குக் கொடுக்காத அவகாசத்தைச் செருப்புக்குக் கொடுக்கிறோம்.

ஓடும்போது போடுகிற சாக்ஸை அவள் கொண்டுவந்திருந்தாள். இரண்டு காலுக்கும் போட்டு, எழுந்து நின்று, பெரிய காலுக்கு அளவு பார்த்தோம். அவளுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது, அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. ஒவ்வொரு ஷூவையும் நுனியிலும் குதிகாலிலும் பிடித்து வளைத்துப் பார்த்தேன். விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், ஏனென்றால் கால் அங்கேதான் மடங்குகிறது. ஒன்று நட்டநடுவில் இரண்டாக மடிந்தது, துணியைப் போலப் பிழியவும் வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தேன். கணவர் தன் கட்டைவிரலை நீட்டிக்கொண்டே வந்தார். அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சாம்பல் நிறத்தில் ஒன்று, பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. அடிப்பாகம் அளவாக மெத்தென்று இருந்தது, ஆடவில்லை. கயிறு கட்டினால் துளை வரிசைகளுக்கு நடுவே இடைவெளி நின்றது. முன்னால் ஒரு கட்டைவிரல். குதிகால் அசையவில்லை. அவள் உதறிப் பார்த்தாள். கழலவில்லை. மாமனார் முகம் சுருங்கியது. உங்க அம்மா திட்டுவாளே என்றார்.

ஓடிப் பாரு என்றேன். கடைக்குள் நடக்கவே இடமில்லை. பையனுக்குச் சங்கடம்தான், இருந்தாலும் கடை முன்னால் சிமெண்ட் தளத்தில் மட்டும், தெருவுக்கு இறங்காமல் என்று விட்டான். அவள் தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுபடி திரும்பி. ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள், மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பின. நான் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். சப்பு சப்பு இல்லை.

மாமனார் என் கணவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். "போதும் வாம்மா, எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க," என்றார்.

அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே சொன்னாள்.

"பாக்கட்டும் நைனா. ஈவென்ட்ஸ்லயும் பாக்கத்தான் போறாங்க. அங்க நீ எங்க போயி ஒளிவே?"

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

வலி மறுநாளே மாயமாகப் போய்விடவில்லை. பிசியோ அம்மா சொன்னபடி முதலில் நடந்தாள். பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஓடி முடித்த பிறகு விரல் மரத்திருக்கிறதா, எங்கேயாவது ஒரே இடத்தில் காந்துகிறதா, சிவந்திருக்கிறதா என்று படியில் உட்கார்ந்து பார்ப்போம். எதுவும் இல்லை. ஆடி முடிவதற்குள் படி ஏறினால் வலிக்கவில்லை. மாமியார் தாமே அவள் கணைக்காலை அழுத்திப் பார்த்தார், அவர் எதிர்பார்த்த முனகல் வரவில்லை. பாலசமுத்திரத்துக்குப் போன் போகவில்லை. பதிலாக எங்கள் இருவருக்கும் வாசலில் திட்டு விழுந்தது. இப்போது படியை அடைத்துக்கொண்டு அவிழ்க்கிறவர்கள் இரண்டு பேர். கோயிலிலும் அவள் என்னைப்போலவே ரோட்டில் நின்று கும்பிட ஆரம்பித்தாள், அதற்குத் தனித் திட்டு. ஆரஞ்சு ஷூவை என் கணவர் தானே போட்டுக்கொள்வதாக எடுத்துவைத்தார். அவருக்கு அது நுழையவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஈவென்ட்ஸ் அன்று அவளோடு நான்தான் போனேன், துணைக்கு. அவள் மைதானத்துக்குள் போக, நான் வெளியே மரத்தடியில் நின்றேன். நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டாள். இன்னும் ஒரு பரீட்சை பாக்கி, ஆனால் ஓட்டத்தைச் சொல்லி இனி அவளை யாரும் நிறுத்த முடியாது. போனில் சொன்னதும் கணவர், நல்ல ஷூ என்று நான் அப்போதே சொல்லவில்லையா என்றார்.

வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. திருஷ்டி சுற்றி முடித்ததும் சாம்பல் ஷூவோடு, கயிறு இறுக்கிக் கட்டியபடி, படியைத் தாண்டி நேராகக் கூடத்துக்குள் போய்விட்டாள். சாமி அறை வாசல்வரை மைதானத்து மண் தடம் தடமாக விழுந்தது. நான் மாமியாரைப் பார்த்தேன்.

"இருக்கட்டும். அவுக்க நேரமாவும்," என்றார் அவர்.

நான் படியில் உட்கார்ந்து என் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். அடைத்துக்கொண்டு உட்காராமல் சீக்கிரம் வந்து அடுப்பைப் பார் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.